மெடிக்கல் போர்டு அறிக்கையும் இன்வாலிட் பென்ஷனும்: மத்திய அரசு ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உடல்நிலை காரணமாக ஓய்வு வயதுக்கு முன்பே பணியை விட வேண்டிய நிலையில் இருப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. மத்திய அரசின் சிவில் துறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள் பொருந்தும். ராணுவம், ரயில்வே, மாநில அரசு ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

உடம்பு சுத்தமா முடியல. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பல வருஷம் இருக்கு. இன்வாலிட் பென்ஷன்னு சொல்றாங்களே, அது யாருக்குக் கிடைக்கும்?

உடல் அல்லது மனநலக் குறைவு ஒருவரை அரசுப் பணிக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவராக ஆக்கிவிட்டால், அந்தக் காரணத்தாலேயே அவர் ஓய்வு பெறும்போது தரப்படுவது இது. மத்திய குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகள் 2021-இன் 39-ஆம் விதி இதைப் பற்றியது. பழைய 1972 விதிகளில் இது 38-ஆம் விதி. அலுவலகங்களில் இன்னும் பலர் "ரூல் 38" என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் "நிரந்தரமாக". நோய் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, குணமாகித் திரும்ப வேலைக்கு வர வாய்ப்பு இருக்கிறதா என்பதைத்தான் மெடிக்கல் போர்டு என்ற மருத்துவக் குழு பார்க்கிறது. பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டில் தேறிவிடக் கூடியவருக்கு விடுப்புதான் வழி, இந்த ஓய்வூதியம் கிடைக்காது.

எனக்குப் பத்து வருஷ சர்வீஸ்கூட ஆகல. பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. உண்மையா?

2019 ஜனவரிக்கு முன்பு அது உண்மை. அந்த மாதம் விதியைத் திருத்தி, பத்து ஆண்டு நிறையாதவருக்கும் இன்வாலிட் பென்ஷன் உண்டு என்று ஆக்கினார்கள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பணியில் சேரும் முன்போ சேர்ந்த பிறகோ உரிய மருத்துவ அதிகாரி உங்களைப் பரிசோதித்து, அரசுப் பணிக்குத் தகுதி உள்ளவர் என்று சான்று தந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக சர்வீஸ் புக்கில் அந்த மருத்துவத் தகுதிச் சான்று பற்றிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சான்று தொலைந்து, பதிவும் இல்லாமல் போனால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பதிவு விட்டுப்போயிருந்தால், போர்டுக்குப் போகும் முன்பே உங்கள் நியமனக் கோப்பைத் தேடி எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்ட்டே "வேலை செய்யக் கூடாது"ன்னு எழுதிக் கொடுத்துட்டார். அதை வெச்சு அப்ளை பண்ணலாமா?

அந்தச் சான்று போர்டு முன் வைக்க நல்ல ஆதாரம். ஆனால் ஓய்வூதியத்துக்கான சான்றாக அதை ஏற்க மாட்டார்கள். கெசட்டட் அதிகாரிகளுக்கும், குறிப்பிட்ட ஊதிய வரம்புக்கு மேல் வாங்கும் மற்றவர்களுக்கும் மெடிக்கல் போர்டு சான்று வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிவில் சர்ஜன் அல்லது மாவட்ட மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவர் தரும் சான்று போதும்.

போர்டுக்கு நீங்களாகவும் போக முடியாது. மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற விரும்புவதாக முதலில் அலுவலகத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நோயின் பெயர், எப்போதிலிருந்து சிகிச்சை, இதுவரை எடுத்த விடுப்பு, வேலையில் எதைச் செய்ய முடியவில்லை என்பதை அதில் எழுதி, சிகிச்சை ஆவணங்களின் நகலை இணையுங்கள். அதன் பேரில் அலுவலகம்தான் மருத்துவ அதிகாரிக்கு எழுதும். விண்ணப்பதாரர் போர்டு முன் வருவது அலுவலகத் தலைவருக்குத் தெரியும் என்று காட்டும் கடிதம் இல்லாமல் இயலாமைச் சான்று தரக் கூடாது என்பது விதி. சர்வீஸ் புக்கின்படி உங்கள் வயது என்ன என்பதையும் அலுவலகமே எழுதி அனுப்ப வேண்டும். கடிதத்தில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சர்வீஸ் புக்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு நகல் வாங்கிப் பார்த்துவிடுங்கள். இனிஷியல் மாறியிருப்பது அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்கு அலுவலகம் அதற்காகவே கோப்பைத் திருப்பி அனுப்பும்.

போர்டு முன்னாடி போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?

மூலப் பரிசோதனை அறிக்கைகள், ஸ்கேன் படங்கள், ஒவ்வொரு முறையும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எடுத்த அறிக்கை மட்டும் இருந்தால், நோய் தேறவில்லை என்பதைக் குழுவால் பார்க்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் நிலை இறங்கிக்கொண்டே வருவது கண்ணில் படும்.

பலர் விட்டுவிடுவது வேலை விவரத்தை. நாற்காலி வேலையா, களப்பணியா, ஷிப்ட் உண்டா, எவ்வளவு பயணம் என்று அலுவலகத் தலைவர் கையெழுத்திட்ட அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். உங்கள் பதவிப் பெயரை வைத்தே வேலையின் தன்மையை மருத்துவர்கள் ஊகித்துக்கொள்ளும்படி விடக் கூடாது.

போர்டு ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கு. இதுல என்ன எழுதியிருந்தா பென்ஷன் வரும்?

மொத்த விஷயமும் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. "இன்ன நோயின் காரணமாக, இவர் தம் துறையில் எந்த வகைப் பணியையும் தொடர்ந்து செய்ய முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவர் என்று கருதுகிறோம்" என்ற பொருளில் அந்த வாக்கியம் இருக்க வேண்டும். இதில் நான்கு உறுப்புகள்: நோயின் பெயர், முழுமையாக, நிரந்தரமாக, எந்த வகைப் பணிக்கும். ஒன்று குறைந்தாலும் முடிவு மாறிவிடும்.

"தற்போதைய பணிக்குத் தகுதியற்றவர்" என்று மட்டும் இருந்தால், வேறு வேலை தரலாமே என்ற கேள்வி வரும். "ஆறு மாத ஓய்வுக்குப் பின் மறுபரிசோதனை" என்று இருந்தால் அது விடுப்புக்கான பரிந்துரைதான். "இதைவிடக் கடினம் குறைந்த பணிக்குத் தகுதி உள்ளவர்" என்று எழுதினால் விதியே வழி சொல்கிறது: நீங்கள் சம்மதித்தால் கீழ்நிலைப் பதவி ஒன்றில் அமர்த்த வேண்டும்; அப்படி ஒரு பதவியும் இல்லை என்றால்தான் இன்வாலிட் பென்ஷன் தரலாம். இந்த நிலையில் உங்கள் விருப்பத்தையும், பதவி இல்லை என்ற அலுவலகத்தின் பதிலையும் எழுத்தில் வைத்திருப்பது மிக முக்கியம். வாய்மொழியாக "இடம் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பினால் கோப்பில் ஒன்றும் இருக்காது.

வாக்கியம் தெளிவில்லாமல் இருந்தால் அறிக்கையை அப்படியே பென்ஷன் கோப்பில் சேர்க்க விடாதீர்கள். எந்தச் சொல் விடுபட்டிருக்கிறது என்று சுட்டி, போர்டிடம் விளக்கம் கேட்டு அலுவலகம் எழுத வேண்டும். நீங்களே மருத்துவமனைக்குப் போய்த் திருத்தி வாங்கி வந்தால் அந்தத் திருத்தத்தின் மேல் சந்தேகம்தான் வரும்.

எங்கிட்ட 60 சதவீத மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருக்கு. அதுவே போதாதா?

இரண்டும் வேறு வேறு சான்றுகள். உடலில் எவ்வளவு பாதிப்பு என்பதை மாற்றுத்திறன் சான்று அளக்கிறது. மேலே சொன்ன போர்டு சான்றோ, பணி செய்ய முடியுமா என்பதைச் சொல்கிறது. 80 சதவீதப் பாதிப்போடு முழு ஓய்வு வயது வரை வேலை பார்ப்பவர்கள் உண்டு. சதவீதமே இல்லாத நோயால் வேலையை விட வேண்டியவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம், அந்தச் சான்று உங்களை வேறு பாதைக்கே கொண்டுபோகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20(4) பிரிவு, பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் பணியிலிருந்து அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. இருக்கும் பதவிக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பொருத்தமான பதவி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை, சூப்பர்நியூமரரி, அதாவது வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் உருவாக்கும் கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு பொருந்தாதவர்களுக்குத்தான் 39-ஆம் விதியின் இன்வாலிட் பென்ஷன். வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டுக்குச் சொல்லப்படும் 40 சதவீத வரம்பு 20(4)-இல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கைகால் இயக்கக் குறைபாடு, பார்வையின்மை, பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மனநோய் போன்றவை இருக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், புற்றுநோய் ஆகியவை அவற்றின் பெயரிலேயே அதில் இல்லை. இன்வாலிட் பென்ஷன் கோப்புகளில் இவை முக்கியமாக வருவதற்குக் காரணம் அதுதான்.

பக்கவாதம் வந்து ஒரு கை வரல. ஆபீஸ்ல "இன்வாலிட்ல போயிடுங்க, குடும்பத்துக்கு நல்லது"ன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?

அவசரப்பட்டுப் போடாதீர்கள். கை இயங்காமல் நிலைத்துவிட்டால் அது இயக்கக் குறைபாடு. மேலே சொன்ன 20(4) பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தும். முழு ஊதியமும் ஆண்டு உயர்வும் பெற்று ஓய்வு வயது வரை இருக்கும் உரிமையை, இன்றைய பேசிக்கில் பாதி ஓய்வூதியத்துக்கு விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு. கால் துண்டிக்கப்பட்டுப் பணியிலிருந்து அனுப்பப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கில், இன்வாலிட் பென்ஷன் கிடைக்கிறது என்பதற்காகச் சட்டப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் தீர்ப்பளித்தது. அப்போது இருந்தது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. இன்றைய 20(4) அதன் இடத்தில் வந்ததுதான்.

உரிய அதிகாரியிடம் மாற்றுத்திறன் சான்று வாங்கி, 20(4) பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். ஒப்புகைக் கையெழுத்துடன் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. போர்டு, கீர்டுன்னு அலையாம விஆர்எஸ் கொடுத்துட்டா என்ன?

மாத ஓய்வூதியத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் இல்லை. இருபது ஆண்டு முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனாலும் கடைசி ஊதியத்தில் பாதிதான், இன்வாலிட்டிலும் அதேதான். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளும் கம்யூட்டேஷனுக்கு விஆர்எஸ் எளிது, ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது.

ஆனால் வாரிசு வேலை விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. 55 வயதுக்கு முன் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெறச் செய்யப்பட்டவரின் குடும்பம் கருணை அடிப்படை நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். விஆர்எஸ்ஸில் போனவரின் குடும்பத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. விண்ணப்பிக்கும் தகுதி வேறு, வேலை கிடைப்பது வேறு: நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம் என்ற வரம்பும் குடும்ப வறுமையின் ஒப்பீடும் குறுக்கே நிற்கும். என்றாலும் வீட்டில் சம்பாதிப்பவர் வேறு யாரும் இல்லை என்றால் அந்தக் கதவைத் தாமாக மூடக் கூடாது. நோயைக் காரணம் காட்டி விஆர்எஸ் கடிதம் தந்துவிட்டுப் பிறகு அதை இன்வாலிட்டாக மாற்றிக் கேட்பது மிகக் கடினம். ஓய்வு எந்த விதியின் கீழ் நடந்தது என்பதை ஓய்வு ஆணைதான் தீர்மானிக்கிறது, பின்னால் வாங்கும் மருத்துவச் சான்று அதை மாற்றாது.

நான் அவசரப்பட்டு ராஜினாமாவே எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப போர்டுக்குப் போகலாமா?

ராஜினாமா ஏற்கப்பட்டால் அதுவரை செய்த பணிக்காலம் முழுவதும் பறிபோகும். ஓய்வூதியத்துக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது. ஏற்கப்படும் முன் என்றால் இன்றைக்கே திரும்பப் பெறும் கடிதம் கொடுங்கள். நடைமுறைக்கு வந்த பிறகும், தவிர்க்க முடியாத காரணத்தால் எழுதியது, நேர்மைக் குறை ஏதும் இல்லை, அந்த இடம் காலியாகவே இருக்கிறது என்பன போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திரும்பப் பெற அனுமதிக்கலாம். ஆனால் ராஜினாமா அமலான நாளுக்கும் மீண்டும் பணியில் சேர அனுமதிக்கும் நாளுக்கும் இடையே 90 நாளுக்கு மேல் போகக் கூடாது. அலுவலகம் முடிவெடுக்கும் நேரமும் இந்த 90-க்குள் அடக்கம் என்பதால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் 2004-க்கு அப்புறம் சேர்ந்தவன், என்பிஎஸ். எனக்கு இதெல்லாம் கிடையாதுதானே?

உண்டு. என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஊழியர் இயலாமையால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால், பழைய ஓய்வூதிய விதிகளின்படியான பலனா, என்பிஎஸ் சேமிப்பா என்று தேர்வு செய்யும் உரிமை 2021 என்பிஎஸ் நடைமுறை விதிகளின் 10-ஆம் விதியில் இருக்கிறது. யுபிஎஸ் என்ற ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியவர்களுக்கும் இதே மாதிரி விருப்பம் உண்டு. தேர்வைப் படிவம் 1-இல் கொடுக்க வேண்டும். பணியில் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

படிவமே கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. 15 ஆண்டுக்குக் குறைவான பணி என்றால் பழைய விதிப் பலன் தானாகவே கிடைக்கும். 15-ஐத் தாண்டியவருக்கு இப்போது தானாக வருவது என்பிஎஸ்தான். ஆகவே 15 ஆண்டு முடித்தவர்கள், விடுவிப்பு ஆணை வரும் முன்பே படிவம் 1 சர்வீஸ் புக்கில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய விதியைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கணக்கில் அரசு செலுத்திய பங்கும் அதன் வளர்ச்சியும் அரசுக்குத் திரும்பும். நீங்கள் செலுத்தியதும் அதன் வளர்ச்சியும் மொத்தமாக உங்கள் கைக்கு வரும்.

சரி, கையில எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க.

46 வயது ஊழியர், நிரந்தர டயாலிசிஸில் இருப்பவர், பேசிக் 56,900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த நாளிலிருந்து 17 ஆண்டு 7 மாதம். இடையில் மருத்துவச் சான்றோடு எட்டு மாதமும், சான்று இல்லாமல் மூன்று மாதமும் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். சான்றோடு எடுத்த எட்டு மாதமும் பணிக்காலத்தில் சேரும், சான்று இல்லாத மூன்று மாதம் கழியும். ஆக, தகுதியுள்ள பணிக்காலம் 17 ஆண்டு 4 மாதம். விடுப்புக்கான சான்றுகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபார்ப்பதன் பயன் இங்கே தெரியும்.

மாத ஓய்வூதியம் பேசிக்கில் பாதி, 28,450 ரூபாய். இதன் மேல் அவ்வப்போதைய அகவிலைப்படி. கடைசிப் பத்து மாதச் சராசரி கூடுதலாக இருந்தால் அதில் பாதி. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு ஆறு ஆறு மாதமாக எண்ணுவார்கள். 17 ஆண்டுக்கு 34, மீதி நான்கு மாதம் மூன்றுக்குக் குறையாததால் இன்னொன்று, மொத்தம் 35. ஒவ்வோர் அரையாண்டுக்கும் பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு. அகவிலைப்படி 50 சதவீதம் என்று கொண்டால் 85,350-இல் கால் பங்கு 21,337.50; அதை 35-ஆல் பெருக்கினால் 7,46,813 ரூபாய். இவர் ஓய்வுக்குப் பின் இறந்தால் மனைவிக்கு முதல் ஏழு ஆண்டு, அல்லது இவருக்கு 67 வயது ஆகியிருக்கக் கூடிய நாள் வரை, இவற்றில் எது முந்தியோ அதுவரை அதே 28,450, பிறகு 30 சதவீதமான 17,070. இவர் 15 ஆண்டைத் தாண்டியவர். முந்தைய பதிலில் சொன்ன படிவம் 1 இல்லை என்றால் மாத ஓய்வூதியத்தின் கணக்கே மாறி, சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு வாங்கும் ஆன்யுட்டிதான் மாதாமாதம் வரும்.

கம்யூட்டேஷன் கேட்டா மறுபடியும் போர்டுக்குப் போகச் சொல்றாங்க. ஏற்கெனவே போனதுதானே?

இது வேறு பரிசோதனை. இன்வாலிட்டில் போனவர் ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை மொத்தத் தொகையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகுதான். விண்ணப்பம் படிவம் 2-இல். நோயின் தன்மையைப் பார்த்து, உங்கள் வயதை உண்மையான வயதைவிடச் சில ஆண்டு கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று மருத்துவ அதிகாரி சொல்லலாம். வயது கூடினால் கையில் வரும் தொகை குறையும். குறைந்த தொகைக்காக 15 ஆண்டு ஓய்வூதியத்தில் பிடித்தம் வேண்டாம் என்று தோன்றினால் விண்ணப்பத்தை உரிய கெடுவுக்குள் திரும்பப் பெறலாம்.

இப்ப மெடிக்கல் லீவுல இருக்கேன். எந்தத் தேதியில இருந்து ஓய்வு ஆகும்? பென்ஷன் ஆர்டர், அதான் பிபிஓ, வரலேன்னா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பணியில் இருப்பவர் போர்டு அறிக்கை வந்ததும் விடுவிக்கப்படும் நாளில் ஓய்வு பெறுகிறார். விடுப்பில் இருப்பவருக்கு அனுமதிக்கப்பட்ட விடுப்பு முடியும் நாளில். சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பும் அரைச் சம்பள விடுப்பும் சேர்ந்து 300 நாள் வரை பணமாகக் கிடைக்கும்.

திட்டமிடாத ஓய்வு என்பதால் பென்ஷன் படிவத்தைத் தயாரிக்கவே நேரம் இருக்காது. போர்டு தேதி குறித்ததுமே குடும்ப விவரம், கூட்டுப் புகைப்படம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்து, மத்திய அரசின் ஓய்வூதிய இணையதளமான பவிஷ்யாவில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்படியும் தாமதமானால் தற்காலிக ஓய்வூதியம் ஆறு மாதம் வரை தர அலுவலகத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கடிதத்தில் விடுவிப்பு ஆணையின் எண்ணும் தேதியும், போர்டு சான்றின் தேதியும் இருக்கட்டும்.